சாய்பலகைல உருளும் உருளை: 2/3 எங்கிருந்து வந்துச்சு? (கேள்வி பதில்)

பிளஸ் ஒன் மாணவி: சார், 3 கிலோ கெட்டி உருளை, பலகை நீளம் 1.2 மீட்டர், ஒரு முனைய 20 செ.மீ. தூக்கி வச்சிருக்கு, சறுக்காம உருளுது. ஆக்சிலரேஷன் கேக்குறாங்க. உராய்வுக்கு μN போட்டேன், μ = 0.4னு நானே எடுத்துக்கிட்டேன், மைனஸ்ல வருது. எங்க தப்பு?

மைனஸ் வந்ததே நல்லதுமா, தப்பு தானா வெளிய வந்துடுச்சு. சரிவு வழியா கீழ இழுக்குறது mg sinθ, அது 3 × 9.8 × (1/6) = 4.9 நியூட்டன். நீ போட்ட μN கிட்டத்தட்ட 11.6. அப்படின்னா விட்ட உருளை தானா மேட்டுல ஏறணும், அந்தக் கூத்த யாரு பாத்தா.

வீட்டுல பீரோவ சுண்டு விரலால தள்ளிப் பாரு, நகராது. உராய்வு எப்பவும் μN அளவுக்குத் தள்ளும்னா பீரோ உன்னைப் பாத்து வரணும்ல? வராது, ஏன்னா நீ எவ்ளோ தள்ளுறியோ அவ்ளோதான் அதுவும் திருப்பித் தள்ளுது, μN-ங்கிறது அதால முடிஞ்ச உச்சம், அவ்ளோதான். உருளை சறுக்காம உருளும்போது பலகையத் தொடுற இடம் அந்த நொடில நின்னுட்டுதான் இருக்கு, அதனால இங்கயும் பீரோ கதைதான். உராய்வு எவ்ளோன்னு முன்னாடியே தெரியாது, fனு வச்சுட்டு கணக்கையே சொல்ல விடணும்.

```
mg sinθ − f = ma
fR = Iα
a = αR
I = ½mR²
```

ரெண்டாவது வரிய கவனி. உருளைய சுத்த வைக்கிறது f மட்டும்தான், ஏன்னா எடையும் N-உம் நடு அச்சு வழியா போகுது, அதுங்களால திருப்ப முடியாது. I-யும் α-வும் போட்டா R எல்லாம் அடிபட்டு f = ½ma. மேல போட்டா mg sinθ = 1.5 ma, அதாவது a = (2/3) g sinθ = 1.09 மீ/செ². உருளை தன்னோட நிறைய விட பாதி கூடுதலா சுமக்கிற மாதிரி நடந்துக்குது, அந்தக் கூடுதல் பாதிதான் மொமென்ட் ஆஃப் இனர்ஷியா. நிறையும் ஆரமும் விடைல இல்லவே இல்ல பாரு, பென்சில் மாதிரி கெட்டிக் குச்சியும் ரோடு போடுற உருளை சைஸும் ஒண்ணாத்தான் வரும். f எவ்ளோன்னா 1.63 நியூட்டன், 11.6 கிட்டகூட வரல.

டியூஷன் மாஸ்டர்: உராய்வுல எனர்ஜி வீணாகுறதாலதான் உருளை லேட்டா வருதுன்னு நான் பசங்களுக்கு சொல்லித்தர்றேன், இவ்ளோ சுத்தி வளைக்கணுமா?

லேட்டா வருதுங்கிறது சரி சார், காரணம்தான் இடறுது. தொடுற இடம் சறுக்கலன்னா அங்க உராய்வு செய்யுற வேலை பூஜ்யம், சூடாகிப் போறதுக்கு ஒண்ணும் இல்ல. 20 செ.மீ. இறங்கினதுல கிடைக்கிறது 5.88 ஜூல். அதுல 3.92 முன்னாடி ஓடுறதுக்கு, 1.96 சுத்துறதுக்கு. கூட்டிப் பாருங்க, ஒரு பைசா குறையாது. அந்த மூணுல ஒரு பங்கு சுழற்சிக்குப் போயிட்டதாலதான் அடில வேகம் 1.62 மீ/செ, எண்ணெய் தடவி சும்மா சறுக்க விட்டா 1.98.

அதே மாஸ்டர்: அப்போ தரைல உருட்டி விட்ட பந்து ஏன் நிக்குது?

அது வேற சங்கதி. பந்தும் தரையும் தொடுற இடத்துல கொஞ்சம் அமுங்கி எழும்புது, எழும்பும்போது முழுசா திருப்பித் தர்றதில்ல. இரும்பு உருளை, நல்ல மரப்பலகைன்னா ரொம்பக் கம்மி, கண்டுக்க வேணாம். பலகை மேல போர்வைய விரிச்சீங்கன்னா நீங்க சொல்றது பாதி உண்மையாயிடும்.

வீட்டுல செஞ்சு பாத்தவர்: மேல சொன்ன அதே அளவு பலகை, ஒரு லிட்டர் ஸ்டீல் பாட்டில்ல தண்ணி விளிம்பு வரைக்கும் நிரப்பி உருட்டினேன். உங்க கணக்குப்படி 1.48 செகண்ட் ஆகணும், மொபைல் வீடியோல 1.37தான் வருது. நாலு தடவ பாத்துட்டேன். ஃபார்முலா தப்பா?

வீடியோல பாத்தது நல்ல வேலை, ஒரு ஃப்ரேம் 1/30 செகண்ட், கைல ஸ்டாப்வாட்ச் அமுக்கியிருந்தா இந்த வித்தியாசமே தெரிஞ்சிருக்காது. ஃபார்முலா கெட்டி உருளைக்கு, உங்க பாட்டில் கெட்டி இல்ல. ஸ்டீல் தோல் சுத்துது, உள்ள இருக்குற தண்ணி பெரும்பாலும் சுத்தாம அப்படியே கூட இறங்கி வருது. ஒன்றரை செகண்டுக்குள்ள தோலை ஒட்டின மெல்லிசான தண்ணிதான் இழுபடும். காலி பாட்டில் 300 கிராம், தண்ணி ஒரு கிலோன்னு வச்சா சுத்துறது 300 கிராம் மட்டும், அதுவும் முழுசும் விளிம்புல:

```
a = g sinθ / (1 + 0.3/1.3) ≈ 1.33
t = √(2 × 1.2 / 1.33) ≈ 1.34
```

உங்க 1.37-க்கும் இதுக்கும் ஒரு ஃப்ரேம்தான் வித்தியாசம், அதுல கொஞ்சம் ஒட்டின தண்ணியோட வேலையா இருக்கலாம், கொஞ்சம் உங்க கண்ணா இருக்கலாம். அதே பாட்டில்ல தேன் ஊத்தினா 1.48 பக்கம் நகரும் (யார் வீட்டுல விடுவாங்கன்னு தெரியல). மெல்லிசான காலிக் குழாய் விட்டீங்கன்னா 1.71, அதான் எல்லாத்துலயும் லேட்.

நீட் எழுதப் போறவர்: 60 டிகிரி சரிவு, μ = 0.3, கெட்டி உருளை. 2/3 போட்டு 5.66 வாங்கினேன், ஆன்சர் கீல 7.02. கீ தப்புதானே?

கீ சரி. கேள்வில "சறுக்காம"ன்னு போட்டிருந்தாங்களான்னு திரும்பப் படிங்க, இருக்காது. சறுக்காம உருள f = (1/3) mg sinθ வேணும், உராய்வால குடுக்க முடிஞ்சது μ mg cosθ. ரெண்டையும் வச்சுப் பாத்தா tanθ ≤ 3μ வரைக்கும்தான் தாங்கும், 0.3-க்கு அது 42 டிகிரி. 60-ல கண்டிப்பா சறுக்கும். இப்பதான் பிளஸ் ஒன் பொண்ணு போட்ட μN சரியான இடத்துக்கு வருது:

```
a = g(sinθ − μ cosθ) = 7.02
αR = 2μg cosθ = 2.94
```

7.02-உம் 2.94-உம் ஒத்துப் போகல, உருளை சுத்திக்கிட்டே வழுக்குதுன்னு அர்த்தம். இங்க a = αR எழுதினா போச்சு. எந்தப் பக்கம்னு குழப்பமா இருந்தா முதல்ல சறுக்கலன்னு நெனச்சு f-ஐக் கண்டுபுடிங்க, அது μN-ஐத் தாண்டுச்சுன்னா நெனச்சது தப்பு. இப்போ உராய்வு வேலையும் செய்யுது, சூடும் ஆகுது, மாஸ்டர் சொன்னது இங்க பொருந்தும்.

லோடு இறக்குறவர்: அண்ணே கணக்கு நமக்குப் புரியல. லாரில இருந்து பலகை போட்டு ஆயில் டிரம் உருட்டி இறக்குறோம். முழு டிரம் ஒரே சீரா வருது, பாதி டிரம் தயங்கித் தயங்கி வந்து திடீர்னு பாயுது. ஏன்?

பாதி டிரம்ல ஆயில் அடில தேங்கி நிக்கும், டிரம் உருள உருள சுவரோட கொஞ்சம் ஏறி, திரும்ப வழிஞ்சு விழும். ஏறும்போது டிரம்மைப் புடிச்சு இழுக்கும், விழும்போது விட்டுடும். எடையோட மையம் நடுவுல இல்லாம ஆடிக்கிட்டே இருக்குறதால முதல்ல போட்ட நாலு வரி இதுக்கு ஒத்து வராது, அதுங்க எல்லாம் நடு அச்சுலதான் எடை இருக்குன்னு நம்பி எழுதினது. ஆயில் எவ்ளோ கெட்டி, எவ்ளோ நிரம்பியிருக்குங்கிறதப் பொறுத்து மாறும், ஒரே ஃபார்முலால அடக்க எனக்குத் தெரியல, யாராவது அளந்து பாத்திருந்தா எழுதுங்க. நீங்க கயிறு சுத்தி மேல இருந்து விட்டு விட்டு இறக்குங்கண்ணே, பலகைக்குக் கீழ ஆள் நிக்க வேணாம்.