நான்குவழிச் சாலைக்குப் போகும் தோப்பு: மரக் கணக்கை விட்டுவிடாதீர்கள்

கேள்வி: தேசிய நெடுஞ்சாலை விரிவாக்கத்தில் எங்கள் தென்னந்தோப்பில் ஒரு பகுதி போகிறது. மரங்களுக்குத் தனியாக இழப்பீடு உண்டா? எதைக் கவனிக்க வேண்டும்?

உண்டு. பட்டா நிலத்துக்குள் நிற்கும் மரங்களுக்கு, நிலத்தின் விலை போகத் தனியாக மதிப்புப் போட வேண்டும். ஆனால் நிலம் அளக்க வரும் நாளில் எழுதப்படும் பட்டியலில் இருக்கிற மரத்துக்குத்தான் பணம் வரும். எங்கள் வீட்டில் அடி விழுந்தது அங்கேதான்.

எல்லைக்கல்லுக்கு உள்ளே 14 காய்க்கும் தென்னைகள் நின்றன. அளக்க வந்த அன்று அப்பா கல் நட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மரங்களை எண்ணியவர் தோப்பின் மறுபக்கம் வரவே இல்லை. மாதங்கள் கழித்து, இழப்பீட்டுத் தொகையை முடிவு செய்து எழுதிய தீர்வத்தின் நகல் கைக்கு வந்தபோது அதில் 9 மரங்கள்தான் இருந்தன. அதற்குள் 14 மரங்களையும் வெட்டிவிட்டார்கள். அடிக்கட்டைகூட இல்லாத இடத்தில் ஐந்து மரங்கள் நின்றன என்று எதை வைத்து நிரூபிப்பது? அப்பா கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரங்கள் அவை.

விடுபட்ட மரத்தால் நஷ்டம் இரண்டு மடங்கு. 2013 நில எடுப்புச் சட்டத்தின் இழப்பீட்டு விதிகள் 2015 முதல் தேசிய நெடுஞ்சாலைகளுக்கும் பொருந்துகின்றன. அதன்படி நிலம், மரம், கட்டடம் எல்லாவற்றின் மதிப்புக்கும் மேல் 100 சதவீதம் ஆறுதல் தொகை சேரும். ஒரு தென்னைக்கு 5,000 ரூபாய் போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து மரம் விடுபட்டால் போவது 25,000 இல்லை, 50,000. உங்கள் தீர்வத்தில் ஆறுதல் தொகை மரத்துக்கும் சேர்ந்திருக்கிறதா, நிலத்துக்கு மட்டும்தானா என்றும் பாருங்கள்.

அதனால் இப்போதே ஒவ்வொரு மரத்திலும் பெயின்ட்டால் எண் போடுங்கள். எண்ணும் எல்லைக்கல்லும் ஒன்றாகத் தெரியும்படி போட்டோ எடுங்கள். அடங்கலில் தென்னை ஏறியிருக்கிறதா என்று வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். காய்ப்பு மரத்தைக் கன்று என்று எழுதினால் மதிப்பு அதலபாதாளத்துக்குப் போய்விடும், எனவே வயதையும் காய்ப்பையும் சொல்லி எழுத வையுங்கள். பட்டியலைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். விடுபட்டிருந்தால் அன்றைக்கே எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

அப்புறம், சாலைக்குப் போகிற பக்கத்தில் கிணறு இருந்தால் மிச்சத் தோப்பு தண்ணீரில்லாமல் காயும். நிலத்தைத் துண்டிப்பதால் வரும் இந்த இழப்பையும் கணக்கில் எடுக்கத் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் 3ஜி பிரிவு சொல்கிறது. கேட்காமல் யாரும் சேர்ப்பதில்லை.

முதல் அறிவிப்பு வந்த 21 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம். தொகை போதாதென்றால் அதே 3ஜி-யின் கீழ் நடுவரிடம் போகலாம். பணம் வாங்கும்போது ‘ஆட்சேபத்துடன் பெறுகிறேன்’ என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். நாங்கள் நடுவரிடம் போனபோது கையில் இருந்த ஒரே ஆதாரம், தங்கையின் காதுகுத்துக்கு எடுத்த போட்டோ. அதில் பின்னால் மூன்று மரங்கள் தெரிந்தன. அந்த மூன்றுக்கு மட்டும் பணம் வந்தது.