ஒரு கேபிள், மூன்று டிவி: ஸ்ப்ளிட்டரில் சிக்னல் எங்கே போகிறது?

திண்டுக்கல்லிலிருந்து: ஹாலில் படம் சுத்தமா வருது. மாடி ரூம்ல மட்டும் சில சேனல் கட்டம் கட்டமா உடையுது. வாசல்ல ஒரு ஸ்ப்ளிட்டர், மாடிப்படியில ஒண்ணு. நல்ல ஸ்ப்ளிட்டரா மாத்தினா சரியாகுமா?

பதில்: விலை உயர்ந்ததை வாங்கினாலும் பெரிய மாற்றம் இருக்காது. இரண்டாகப் பிரிக்கும் எந்த ஸ்ப்ளிட்டரும் ஒவ்வொரு வழியிலும் 3.5 முதல் 4 டெசிபல் வரை குறைத்தே தரும். உங்கள் வீட்டில் அடி வாங்குவது, ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு ஸ்ப்ளிட்டர் இருப்பதால்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாசலில் வருவது 58 டெசிபல் மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொள்வோம். முதல் ஸ்ப்ளிட்டர் கழித்து 54. ஹாலுக்கு இது தாராளம். அங்கிருந்து மாடிப்படி வரை 15 மீட்டர் கேபிள். ஆர்ஜி-6 கேபிள் உயர் அலைவரிசையில் 100 மீட்டருக்குச் சுமார் 20 டெசிபல் தின்னும், ஆக 3 போய் 51. இரண்டாவது ஸ்ப்ளிட்டரில் 47. மேலும் 20 மீட்டர் போனால் 43. பல செட்டாப் பாக்ஸ்களுக்கு 45-க்குக் கீழே இறங்கினால் சிக்கல்தான். கேபிளின் இழப்பு உயர் அலைவரிசையில் கூடுதல் என்பதால், அங்கே வரும் சேனல்களே முதலில் உடைகின்றன.

இரண்டையும் எடுத்துவிட்டு வாசலில் மூன்று வழி ஸ்ப்ளிட்டர் ஒன்று போடுங்கள். பல மூன்று வழி ஸ்ப்ளிட்டர்களில் ஒரு வழியில் 3.5, மற்ற இரண்டில் 7 டெசிபல் என்று எழுதியிருக்கும். குறைவாகத் தின்னும் வழியை மாடிக்குக் கொடுங்கள்: 58-இல் 3.5, 35 மீட்டர் கேபிளுக்கு 7 போக 47.5. ஹாலுக்கு 51 கிடைக்கும், அது போதும். மூன்றாவது டிவிக்கு வாசலிலிருந்து தனிக் கேபிள் இழுக்க வேண்டும். அதுதான் இதில் உள்ள ஒரே வேலை.

சேலத்திலிருந்து: எதிர்காலத்துக்கு இருக்கட்டும்னு எட்டு வழி ஸ்ப்ளிட்டர் வெச்சிருக்கேன். நாலுதான் ஓடுது.

பதில்: எட்டு வழி ஒவ்வொன்றிலும் 11 டெசிபல் அளவு போகும், காலியாக இருந்தாலும். நான்கு வழி என்றால் 7 முதல் 8. இப்போதே மாற்றுங்கள். எந்த ஸ்ப்ளிட்டரிலும் காலி முனை இருந்தால் 75 ஓம் டெர்மினேட்டர் மூடி போடுங்கள். திறந்து விட்டால் சிக்னல் திரும்பி வந்து மற்ற டிவிகளைத் தொந்தரவு செய்யும்.

மதுரையிலிருந்து: பூஸ்டர் போட்டா எல்லாம் தீர்ந்துடும்ங்க. ஆனா நான் மாடி டிவி பக்கத்துலயே போட்டேன், ஸ்ட்ரெங்த் 90 காட்டுது, படம் இன்னும் உடையுதே?

பதில்: பூஸ்டர் உதவும், இடம்தான் தப்பு. நலிந்த சிக்னலோடு அதில் கலந்த இரைச்சலையும் அது சேர்த்தே பெருக்குகிறது. அதனால் ஸ்ட்ரெங்த் ஏறும், குவாலிட்டி ஏறாது. பாக்ஸின் மெனுவில் இரண்டையும் பாருங்கள், குவாலிட்டிதான் உண்மையைச் சொல்லும்.

சிக்னல் நலமாக இருக்கும் இடத்தில், அதாவது வாசலில் முதல் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால் மாட்டுங்கள். இழப்பை ஈடுகட்ட 10 முதல் 12 டெசிபல் போதும். 30 டெசிபல் பூஸ்டரை முழுதாகத் திருகி வைத்தால், எல்லா சேனலும் ஒன்றாகச் சேர்ந்து அதைத் திணறடிக்கும். நன்றாக ஓடிய ஹால் டிவியும் உடையத் தொடங்கும். அப்படி நடந்தால் கெயினைக் குறைத்துப் பாருங்கள்.

நாகர்கோவிலிலிருந்து: எங்க வீட்டுல டிஷ். ஸ்ப்ளிட்டர் போட்டு ரெண்டு பாக்ஸ் மாட்டினோம். ரெண்டாவதுல பாதி சேனல்தான் வருது. இதுக்கும் அதே மூணு வழி போடலாமா?

பதில்: வேண்டாம், இது வேறு கதை. ஒவ்வொரு பாக்ஸும் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பித்தான் டிஷ்ஷின் முன்னால் அலையை வாங்கும் எல்என்பியிடம் எந்தத் திசை அலை வேண்டும் என்று கேட்கிறது. ஒரே கேபிளில் இரண்டு பாக்ஸ் கேட்டால் ஒன்றின் கேட்பு மற்றொன்றைக் கெடுக்கும். இரண்டு வெளியீடுள்ள எல்என்பி போட்டு, இரண்டு தனிக் கேபிள் இழுங்கள். கேபிள் டிவி ஸ்ப்ளிட்டரில் '5-1000 MHz' என்றிருக்கும்; டிஷ் கேபிளில் ஓடுவதோ 950 முதல் 2150 வரை.

திருச்சியிலிருந்து: கேபிள் மலிவா வாங்கினதுதான். அதுவா காரணம்? பக்கத்துல போன் பேசினாலும் ரெண்டு மூணு சேனல் தடுமாறுது.

பதில்: உள்ளே சுற்றியுள்ள கம்பிப் பின்னல் நெருக்கமில்லாத கேபிளுக்கு நல்ல அடையாளம் சொல்லியிருக்கிறீர்கள். செல்போன் அலைவரிசைகளில் சில, கேபிள் டிவி அலைவரிசையோடு ஒன்றின் மேல் ஒன்று விழுகின்றன. உறை பலவீனமாக இருந்தால் உள்ளே நுழைந்துவிடும். முதலில் எஃப் கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். நடுக்கம்பி விளிம்பைத் தாண்டி 2 முதல் 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், பின்னலின் ஒரு இழைகூட அதைத் தொடக் கூடாது. திருகும் கனெக்டரைவிட, கருவியால் அழுத்தும் கனெக்டர் நல்லது. பிறகும் தடுமாறினால் கேபிளை மாற்றுங்கள்.

திண்டுக்கல்லிலிருந்து மீண்டும்: ஆனா மாடியில ராத்திரி எட்டு மணிக்கு மேலதான் உடையுது, பகல்ல பரவாயில்லை.

பதில்: அப்படியானால் என் கணக்கு மட்டும் போதாது. வெயில், குளிர் மாறும்போது விரியும் தெரு ஜாயிண்டா, ஆபரேட்டரின் ஆம்ப்ளிஃபையரா என்பது அளந்தால்தான் தெரியும். உடையும் நேரத்தில் ஆபரேட்டரை மீட்டரோடு வரச் சொல்லி, வாசலில் ஸ்ப்ளிட்டருக்கு முன் அளக்கச் சொல்லுங்கள். அங்கேயே குறைந்திருந்தால் வீட்டுக்குள் எதையும் தொடாதீர்கள்.