பாரசிட்டமால் சப்போசிட்டரி: வைத்த அளவும் இரத்தத்தில் சேரும் அளவும்

"12 கிலோ எடையுள்ள மகள் எதைக் கொடுத்தாலும் வாந்தி எடுக்கிறாள். ஆசனவாயில் 170 மில்லிகிராம் சப்போசிட்டரி வைத்து ஒன்றரை மணி நேரமாகியும் காய்ச்சல் 39 டிகிரி. கொஞ்சம் பாரசிட்டமால் சிரப் தரலாமா?"

வேண்டாம். கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்று கணக்கிட்டால் 180 வருகிறது. ஆகவே 170 சரியான அளவுதான். வாய்வழி மருந்து ஒரு மணி நேரத்துக்குள் இரத்தத்தில் உச்சத்தை எட்டிவிடும். ஆசனவாய் வழியே சென்றது இரண்டு, மூன்று மணி நேரம்கூட எடுத்துக்கொள்ளும். இப்போது சிரப் கொடுத்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளில் நான்கு முறை வைத்தால் 680 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு ஏறத்தாழ 57 ஆகிறது. 60ஐத் தாண்டக் கூடாது. அவள் எழுப்பினாலும் விழிக்காமல் துவண்டு கிடந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மருந்தைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது. சப்போசிட்டரியின் கொழுப்பு உடல் சூட்டில் உருகிய பின், அதிலுள்ள மருந்துத் தூள் மலக்குடலில் இருக்கும் சில மில்லிலிட்டர் நீரில் கரைந்தாக வேண்டும். உடல் சூட்டில் ஒரு மில்லிலிட்டரில் சுமார் 20 மில்லிகிராம்தான் கரையும் என்பதால், கரைந்தது உறிஞ்சப்பட்ட பிறகே மீதி கரைய இடம் கிடைக்கிறது. அங்கே மலம் இருந்தால் மருந்து அதிலேயே தங்கிவிடும். இதனால்தான் ஒரு குழந்தைக்குக் கால்பங்கும், இன்னொரு குழந்தைக்கு ஏறக்குறைய முழுவதும் இரத்தத்தில் சேர்கிறது.

"இது கல்லீரலைத் தொடாமல் நேரே இரத்தத்தில் கலக்கிறதாமே, பாதி அளவு போதாதா?"

பாதி உண்மை. மலக்குடலின் கீழ்ப்பகுதிச் சிரைகளின் இரத்தம் கல்லீரலைத் தவிர்த்துச் செல்கிறது. மருந்து மேலே நகர்ந்துவிட்டால் கல்லீரல் வழியாகவே போகும். எப்படியும் பாரசிட்டமால் கல்லீரலில் முதல் சுற்றில் இழப்பது சொற்பம். உறிஞ்சப்படாமல் போவதே பெரிய இழப்பு என்பதால், அளவைப் பாதியாக்கினால் காய்ச்சல் தணியாது.

"என் மகனுக்கு வைத்து 20 நிமிடத்தில் மலத்தோடு வந்துவிட்டது, உடனே இன்னொன்று வைத்தேன். தவறா?"

வந்ததைப் பார்த்தீர்களா? வைத்த சில நிமிடங்களில், கூர் முனை மழுங்காமல் அப்படியே வந்திருந்தால், இன்னொன்று வைப்பதில் தவறில்லை. குழைந்து பாதியாக வந்திருந்தால் உள்ளே எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் அதை முழு அளவாகவே எண்ணி ஆறு மணி நேரம் காத்திருப்பேன்; இதில் வேறு கருத்துள்ள மருத்துவர்களும் உண்டு. வயிற்றுப்போக்கு இருந்தால் இந்த வழியே வேண்டாம்.

"நான் செவிலியர். அறுவை அரங்கில் கிலோவுக்கு 40 வைக்கிறோமே, வீட்டில் மட்டும் ஏன் 15?"

நீங்கள் பார்த்தது வலிக்காக, மயக்கநிலையில், கண்காணிப்பில் ஒரே ஒருமுறை தரும் தொடக்க அளவு. ஆறு மணி நேரம் கழித்துத் தரும் அடுத்த அளவு 20 ஆகக் குறைகிறது. முழுவதும் உறிஞ்சிக்கொள்ளும் குழந்தை எது என்று முன்கூட்டித் தெரியாததால், நாள் முழுதும் உணவில்லாமல் வாந்தி எடுக்கும் குழந்தைக்கு வீட்டில் அந்த 40ஐத் திரும்பத் திரும்ப வைத்தால் கல்லீரல் தாங்காது.