சப் மீட்டர் 150, கேட்பது 186

கேள்வி: மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். கீழே வீட்டு உரிமையாளர். எங்களுக்குத் தனி சப் மீட்டர். 60 நாள் இடைவெளியில் நான் எடுத்த இரண்டு போட்டோப்படி ஓடியது 150 யூனிட். அவர் 186 யூனிட், யூனிட்டுக்கு 6 வீதம் கேட்கிறார். "மோட்டார் ஓடுகிறதே" என்கிறார். பில்லையும் கணக்கையும் காட்டச் சொன்னதற்கு, "என் மேல் நம்பிக்கை இல்லையா?" என்று கோபப்படுகிறார். நான் கேட்டது தப்பா?

பதில்: தப்பே இல்லை. பில்லைப் பார்க்காமல் உங்கள் பங்கைக் கணக்குப் போடவே முடியாது. சப் மீட்டர் யூனிட்டை மட்டும்தான் சொல்லும். அந்த யூனிட்டுக்கு என்ன விலை என்பது பில்லில்தான் இருக்கிறது.

முதலில் அந்த 36 யூனிட்டைப் பார்ப்போம். 1 எச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். தினமும் 36 நிமிடம் ஓடினால் 60 நாளில் 36 யூனிட். ஆக, அவர் சொல்வது நடக்காத கணக்கு இல்லை. ஆனால் அந்தத் தண்ணீர் இரண்டு வீட்டுக்கும்தானே ஏறுகிறது? முழுவதையும் உங்கள் தலையில் ஏற்றக் கூடாது. சரிபாதி என்றால் உங்களுக்கு 18. மொத்தம் 168 யூனிட்.

அதையும் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். மீட்டருக்கு அடுத்து உங்கள் வீட்டுக்கு வரும் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, மோட்டாரைப் போடச் சொல்லி, சப் மீட்டரின் சின்ன சிவப்பு விளக்கைப் பாருங்கள். விளக்கு அசையாமல் எரிந்தாலும் அணைந்தே இருந்தாலும் பரவாயில்லை, சிமிட்டக் கூடாது. முகப்பில் 3200 imp/kWh என்று போட்டிருந்தால், 3200 சிமிட்டலுக்கு ஒரு யூனிட் என்று அர்த்தம். இந்த மோட்டார் அந்த மீட்டர் வழியாக ஓடினால் நிமிடத்துக்கு 50 தடவைக்கு மேல் சிமிட்டும். சிமிட்டினாலோ, உங்கள் சுவிட்சை அணைத்ததும் மோட்டாரே ஓடவில்லை என்றாலோ, மோட்டார் உங்கள் லைனில் இருக்கிறது. அப்படியானால் உங்கள் 150-க்குள்ளேயே அந்த 36 அடங்கிவிட்டது. அதன் மேல் கூட்டுவது போய், அவர் பாதியான 18-ஐ நீங்கள் கழிக்க வேண்டியிருக்கும்.

சோதனையில் மோட்டார் உங்கள் லைனில் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது விலை. என் பார்வையில் பெரிய வித்தியாசம் இங்கேதான் வருகிறது. பல இடங்களில் யூனிட் கூடக் கூட விலையும் படிப்படியாக ஏறும். உதாரணத்துக்கு, மெயின் மீட்டரில் மொத்தம் 486 யூனிட். முதல் 200 யூனிட்டுக்குத் தலா 3, மீதி 286-க்குத் தலா 6. பில் 600-ம் 1716-ம் சேர்ந்து 2316. உங்கள் 168 யூனிட்டையும் 6 வீதம் போட்டால் 1008 வரும். அதாவது மலிவான 200 யூனிட் முழுவதும் அவருக்கே போய்விடுகிறது. மொத்த பில்லை யூனிட் விகிதத்தில் பிரித்தால், 2316-ஐ 486-ஆல் வகுத்து 168-ஆல் பெருக்க வேண்டும். ஏறக்குறைய 801. ஒரே ரீடிங்குக்கு 207 வித்தியாசம்!

"நீங்கள் குடிவந்ததால்தான் என் பில் மேல் படிக்கு ஏறியது" என்று அவர் சொல்லலாம். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கடைசி யூனிட்டை யார் எரித்தார்கள் என்று எந்த மீட்டரும் சொல்லாது. அதனால் விகிதப்படி பிரிப்பதே இருவருக்கும் பொதுவான வழி என்று நினைக்கிறேன். வேறு முறை வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே பேசி எழுதி வைத்திருக்க வேண்டும்.

பில்லைக் காட்டினால் இன்னும் இரண்டு வரிகளைப் பாருங்கள். ஒன்று, பழைய பாக்கியோ தாமதக் கட்டணமோ சேர்ந்திருக்கிறதா என்று. அவர் நேரத்துக்குக் கட்டாததற்கு நீங்கள் பொறுப்பில்லை. அதைக் கழித்துவிட்டுத்தான் பங்கு போட வேண்டும். இன்னொன்று, ரீடிங் எடுத்த தேதி. பில் ஒரு தேதியிலும் உங்கள் போட்டோ பத்து நாள் தள்ளியும் இருந்தால், அந்தப் பத்து நாள் ஓட்டம் கணக்கைக் குழப்பிவிடும். உங்களுக்கு நாளுக்கு இரண்டரை யூனிட் ஓடுகிறது, பத்து நாளில் 25 ஆகிவிடும்.

அவரிடம் மறுபடி பேசும்போது "காட்டுங்கள்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஒரு நோட்டு எடுத்துக்கொண்டு போய், "சார், மெயின் மீட்டர் ரீடிங் எடுக்கும் அன்றைக்கே சப் மீட்டரையும் சேர்ந்து பார்த்து இதில் எழுதிவிடுவோம், மோட்டாரைப் பாதிப் பாதி போட்டுக்கொள்வோம்" என்று சொல்லிப் பாருங்கள். மோட்டார் செலவில் உங்கள் பங்கை நீங்களே ஒப்புக்கொள்வதால் அவர் கோபம் பாதி இறங்கிவிடும்.

அப்புறமும் காட்ட மறுத்தால், பணத்தை மொத்தமாக நிறுத்திவைக்காதீர்கள். முந்தைய ரீடிங், இப்போதைய ரீடிங், மோட்டார் பங்கு என்று உங்கள் கணக்கை ஒரு தாளில் எழுதி, அந்த 168 யூனிட்டுக்கான பணத்தைக் கொடுத்து ரசீது வாங்குங்கள். மீதி 18 யூனிட்டும் விலை வித்தியாசமும் பில்லைப் பார்த்த பிறகு தீரும் என்று அதே தாளில் எழுதி, போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.