ஒற்று சரியா இருந்தா மெஷின் எழுதினதா? ப்ரூஃப் ரீடர்கிட்ட கேட்ட கேள்விகள்

ராயப்பேட்டையில ஒரு அச்சகத்துல 26 வருஷமா ப்ரூஃப் பாக்கறேன். முக்கால்வாசிப் பேர் ஒரே விஷயத்ததான் சுத்தி சுத்தி கேட்டிருக்கீங்க, முடிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

கேள்வி (அம்பத்தூர்லேர்ந்து ஒரு அப்பா): என் பொண்ணு காலேஜ்ல செகண்ட் இயர். கட்டுரைல ஒரு ஒற்றுப்பிழைகூட இல்ல, அதனால ஏஐ எழுதினதுன்னு சொல்லி மார்க் போட மாட்டேங்கறாங்க சார். நான் என்ன பண்றது?

நீங்க அனுப்பின ரெண்டு பக்கத்தையும் பென்சில் வச்சு பாத்தேன் சார். "படிக்கச் சொன்னார்", "எழுதிப் பார்த்தேன்" எல்லாம் ஒற்றோட கரெக்டா இருக்கு. அது பெரிய விஷயம் இல்ல, வாய்விட்டு படிச்சாலே அந்த ச்-சும் ப்-பும் தானா வந்துரும். நான் நின்னு பாத்தது "அங்குச் சென்றோம்"ங்கற இடம். இலக்கணப்படி அதுதான் சரி, ஆனா பேப்பர்ல, போஸ்டர்ல, நெட்ல எல்லாம் "அங்கு சென்றோம்"னுதான் இருக்கும், காதுக்கும் அதுதான் பழகிப்போச்சு. யாராவது உக்காத்தி வச்சு சொல்லிக்குடுத்தாதான் இந்த ச் வரும். உங்க மாமனார் அந்தக் காலத்துல கையால எழுத்துக் கோத்த கம்பாசிட்டர்னு கீழ எழுதியிருந்தீங்க, எனக்கு அங்கயே பாதி பதில் கெடச்சிருச்சு.

இன்னொண்ணு. அதே பொண்ணு மூணு எடத்துல "சுவற்றில்"னு எழுதியிருக்கு. அது தப்பு, "சுவரில்"தான் சரி. சோறு சோற்றில் ஆகும், ஆறு ஆற்றில் ஆகும், ஏன்னா அதெல்லாம் று-ல முடியுது. சுவர் ர்-ல முடியுது, அதுக்கு எதுக்கு ற்? ஒற்றுல இவ்வளவு கவனமா இருக்கற பொண்ணு இந்த ஒரே தப்ப மூணு தடவையும் ஒரே மாதிரி பண்ணுது பாருங்க, அது யார்கிட்டயோ சின்ன வயசுல கத்துக்கிட்ட தப்பு. ஆனா இத வச்சு "மனுஷி எழுதினது"ன்னு நான் சர்ட்டிபிகேட் குடுக்க முடியாது, "சுவற்றில்" நெட்லயும் கொட்டிக் கெடக்கு. கையால எழுதின நோட்டு இருந்தா அத எடுத்து வைங்க, கம்ப்யூட்டர்ல அடிச்சிருந்தா வெர்ஷன் ஹிஸ்டரி இருக்கான்னு பாருங்க.

கேள்வி (ஒரு டீச்சர்): இருபது வருஷமா பேப்பர் திருத்தறேன் சார், பிள்ளைங்க தமிழ் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? திடீர்னு சுத்தமா எழுதினா சந்தேகம் வரத்தானே செய்யும்?

சந்தேகம் வரட்டும் மேடம், அதுல தப்பில்ல. நீங்க சொல்றதுல "திடீர்னு" அப்படிங்கறதுதான் வெயிட்டான வார்த்தை, "சுத்தமா"ங்கறது இல்ல. போன மாசம் பரீட்சைல உங்க கண்ணு முன்னாடி எழுதின பேப்பரயும் இதயும் பக்கத்துல வச்சு பாருங்க. அங்க "அங்கு சென்றான்", இங்க "அங்குச் சென்றான்"னா கூப்ட்டு கேளுங்க. ரெண்டுலயும் ச் இருந்தா விட்டுடுங்க.

அப்புறம் தமிழ்ல விஷயம் கொஞ்சம் தலைகீழ். இங்கிலீஷ்ல மெஷின் இலக்கணத்துல தடுக்கி விழறது ரொம்ப அபூர்வம். தமிழ்ல அது நாம நெட்ல எழுதி வச்சதப் பாத்துதானே கத்துக்கிச்சு, நாம ஒற்று போடற லட்சணம்தான் தெரியுமே. என் டேபிளுக்கு வர்ற மெஷின் தமிழ்ல ஒரு பாராவுல ஒற்று இருக்கும், அடுத்த பாராவுல அதே எடத்துல இருக்காது. நாளைக்கு இது மாறலாம், இப்போதைக்கு நான் பாக்கறது இது. கடைசி வரைக்கும் ஒரே மாதிரி ஒற்று இருந்தா எனக்கு முதல்ல யாரோ கஷ்டப்பட்டிருக்காங்கன்னுதான் தோணும், இல்லன்னா நாவி மாதிரி சந்திப்பிழை திருத்தி யூஸ் பண்ணியிருக்கலாம். அது சாட்ஜிபிடி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே இருக்கு, அதுல திருத்தினா எழுதினது வேற ஆளுன்னு ஆயிடுமா என்ன?

கேள்வி: டிடெக்டர்ல போட்டா 90 பர்சன்ட் ஏஐன்னு வருதே, அது சயின்ஸ் இல்லயா?

அது எப்படி வேலை செய்யுதுன்னு பாத்தா புரிஞ்சிரும் தம்பி. நிறைய டிடெக்டர் அடுத்த வார்த்தைய எவ்வளவு ஈஸியா யூகிக்க முடியுதுன்னுதான் பாக்குது. ஈஸியா யூகிக்க முடிஞ்சா மெஷின்னு சொல்லும். எளிமையா, வழக்கமான வார்த்தைல, தப்பில்லாம எழுதறவன் எப்படி எழுதுவான்? யூகிக்கற மாதிரிதான் எழுதுவான். 2023ல அமெரிக்காவுல ஸ்டான்ஃபோர்டுக்காரங்க 91 டோஃபல் கட்டுரைய ஏழு டிடெக்டர்ல போட்டாங்க, எல்லாம் இங்கிலீஷ் தாய்மொழி இல்லாதவங்க எழுதினது. சராசரியா 61 பர்சன்ட் கட்டுரைய மெஷின்னு சொல்லிருச்சு. இதுல வேடிக்கை என்னன்னா அதே கட்டுரைகள சாட்ஜிபிடிகிட்ட குடுத்து வார்த்தைய கொஞ்சம் பகட்டா மாத்தச் சொன்னப்பறம் தப்பா மாட்டறது நல்லா கொறஞ்சுது, அதாவது நெஜமாவே மெஷின் கை வச்சதுக்கப்பறம்தான் மனுஷன்னு நம்புச்சு! ஓப்பன்ஏஐயே ஒரு டிடெக்டர் விட்டுட்டு அதே வருஷம் ஜூலைல துல்லியம் பத்தலன்னு எடுத்துட்டாங்க. இதெல்லாம் இங்கிலீஷ் கதை, தமிழ்ல இத நம்பி ஒரு புள்ளயோட மார்க்க கை வைக்கறது எனக்கு சரியா படல.

கேள்வி: எனக்கு ஒற்று சுத்தமா வராது. கல்யாணப் பத்திரிகைல "வாழ்த்துக்கள்"னு போட்டுட்டேன், ஊரே சிரிக்குது. என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்?

நீங்க வேற கேள்விக்கு வந்துட்டீங்கன்னு நெனைக்கிறேன், பரவால்ல. "வாழ்த்துகள்"தான் வேணும்னு ஒரு கட்சி, க் போட்டாலும் ஓகேன்னு ஒரு கட்சி, எங்க ஆபீஸ்லயே ரெண்டும் இருக்கு. நான் க் போட மாட்டேன். கல்யாணம் நல்லபடியா நடக்கட்டும்.

கேள்வி: அரைப்புள்ளி, பெரிய கோடு எல்லாம் வந்தாலே மெஷின்னு சொல்றாங்களே அண்ணே?

ஆறுமுக நாவலர் 1879ல காலமானவர். நம்ம தங்கசாலைத் தெருவுலயும் அச்சுக்கூடம் வச்சிருந்தார். குறியீடுகள தமிழ் உரைநடைல பழக்கத்துக்குக் கொண்டு வந்ததே அவர்தான்னு சொல்வாங்க. அவர் வாக்கியத்த இன்னிக்கு யாராவது பேர் எடுத்துட்டு குடுத்தா நீங்க என்ன சொல்வீங்க? உ.வே.சா. கும்பகோணம் காலேஜ்ல வாத்தியாரா இருந்துக்கிட்டே, லீவுக்கு லீவு சென்னைக்கு வந்து ப்ரூஃப் பாத்து 1887ல சிந்தாமணிய கொண்டுவந்தார். அவர் உரைநடையும் ரொம்ப எளிமை, ரொம்ப சுத்தம். ரெண்டும் சேந்து இருந்தாலே டிடெக்டர் முறைக்கும்.

கேள்வி: மெஷின்ல எழுதி வாங்கி, அத நோட்டுல கையால காப்பி பண்ணி, வேணும்னே ரெண்டு தப்பு சேத்தா?

செய்யலாம். எழுத்த மட்டும் பாத்து அத நான் கண்டுபிடிக்க மாட்டேன், மத்தவங்க கண்டுபிடிப்பாங்களான்னும் எனக்கு சந்தேகம்தான். அடிச்சுத் திருத்தின எடங்கள பாத்தா கொஞ்சம் தெரியும், காப்பி அடிக்கறவன் வாக்கியத்த பாதில விட்டுட்டு வேற மாதிரி ஆரம்பிக்க மாட்டான். அதுக்கு மேல எதிர்ல உக்கார வச்சு "இங்க ஏன் ச் போட்ட?"ன்னு கேக்கறதுதான். "தாத்தா சொன்னாரு"ன்னாலும் அது ஒரு பதில்தான்.

கேள்வி (அதே அம்பத்தூர் அப்பா): நோட்டு கெடச்சுது சார், அதுலயும் மூணு சுவற்றில் இருக்கு. நாளைக்கு காலேஜுக்கு எடுத்துட்டுப் போறோம், அத மட்டும் சுவரில்னு திருத்திடலாமா?

ஐயோ, அதுல மட்டும் கை வைக்காதீங்க சார். அப்படியே எடுத்துட்டுப் போங்க.