ஓபன் ஜி டியூனிங்: பழைய கார்டும் ஸ்லைடும் ஏன் தகராறு செய்கின்றன?

*சார், ஸ்லைடு வாசிக்கலாம் என்று கித்தாரை ஓபன் ஜி-க்கு மாற்றினேன். தெரிந்த சி கார்டு பிடித்தால் அபஸ்வரமாக இருக்கிறது. ஸ்லைடு வைத்தாலும் சுருதி சேரவில்லை. கித்தாரில் கோளாறா? – வாசகர், அல்சூர், பெங்களூரு*

கித்தாரில் கோளாறு இல்லை. ஓபன் ஜி-யில் 6, 5, 1 ஆகிய மூன்று கம்பிகள் மட்டுமே இரண்டு ஃபிரெட் அளவுக்கு இறங்குகின்றன. நடுவில் உள்ள 4, 3, 2 அப்படியே இருக்கின்றன. தடித்த கம்பியிலிருந்து பார்த்தால் டி, ஜி, டி, ஜி, பி, டி. அதனால் இறங்கிய கம்பியில் விரலை இரண்டு ஃபிரெட் மேலே ஏற்ற வேண்டும். மற்றவற்றைத் தொட வேண்டாம்.

உங்கள் சி கார்டையே பார்ப்போம். 5ஆம் கம்பியில் 3ஆம் ஃபிரெட்டில் இருந்த விரல் இப்போது 5ஆம் ஃபிரெட்டுக்குப் போக வேண்டும். அது எட்டாது, அந்தக் கம்பியை விட்டுவிடுங்கள். நடுவிரலை 4ஆம் கம்பியின் 2ஆம் ஃபிரெட்டிலும், ஆள்காட்டி விரலை 2ஆம் கம்பியின் முதல் ஃபிரெட்டிலும் பழையபடி வையுங்கள். 3ஆம் கம்பி திறந்தே இருக்கட்டும். முன்பு சும்மா விட்ட முதல் கம்பியில் மட்டும் இப்போது மோதிர விரலால் 2ஆம் ஃபிரெட்டை அழுத்துங்கள். இந்த நாலு கம்பிகளை மட்டும் மீட்டினால் சுத்தமான சி. அவசரத்துக்கு 5ஆம் ஃபிரெட்டில் ஒரு விரலைக் குறுக்கே போட்டாலும் சி-தான். 7ஆம் ஃபிரெட்டில் டி.

ஸ்லைடுக்கு வருவோம். விரலால் வாசிக்கும்போது ஃபிரெட் கம்பிக்குச் சற்றுப் பின்னால் அழுத்துவோம். அதே பழக்கத்தில் ஸ்லைடையும் பின்னால் வைத்தால் சுருதி குறைந்துதான் கேட்கும். ஸ்லைடு ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே, அதற்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்தால் ஒவ்வொரு கம்பியும் ஒவ்வொரு சுருதியில் பேசும். அழுத்தவும் கூடாது, பட்டால் போதும். 'டக்' என்று ஃபிரெட்டில் இடித்தால் கை கனத்துவிட்டது என்று அர்த்தம். ஸ்லைடைச் சுண்டுவிரலில் மாட்டி, பின்னால் உள்ள விரல்களைக் கம்பிமேல் லேசாகப் படியவிட்டால் இரைச்சல் அடங்கும்.

சரியாக நிற்கிறதா என்று பார்க்க, 12ஆம் ஃபிரெட்டில் ஸ்லைடை வைத்து மீட்டுங்கள். அப்புறம் அதே இடத்தில் விரல் நுனியால் தொட்டும் தொடாமலும் ஹார்மோனிக் எழுப்புங்கள். இரண்டும் ஒரே சுருதியாகக் கேட்க வேண்டும். சாமராஜப்பேட்டை ராமநவமிக் கச்சேரிகளில் சித்திரவீணை கேட்க வாய்த்தால் போய் உட்காருங்கள். அதில் ஃபிரெட்டே கிடையாது, காதை நம்பித்தான் இடம் பிடிக்கிறார்கள்.

சுருதி இறங்கியதால் முதல் கம்பி தொளதொளவென்று இருக்கும். எலெக்ட்ரிக்கில் 9 கேஜ் போட்டிருந்தால் ஸ்லைடு பட்டதுமே அமுங்கிவிடும். 12 அல்லது 13 போட்டால் நன்றாகத் தாங்கும்.

மைனர் கார்டுதான் இதில் சிக்கல். ஸ்லைடை நேராக எங்கே வைத்தாலும் மேஜர்தான் வரும். பாட்டில் ஏ மைனர் வந்தால் 2ஆம் ஃபிரெட்டில் 4, 3 கம்பிகளை மட்டும் மீட்டுங்கள். 2ஆம் கம்பியைத் தொட்டால் சி ஷார்ப் ஒலித்து மைனரைக் கெடுத்துவிடும். மைனரின் சாயல் வேண்டுமென்றால் அந்த 2ஆம் கம்பியில் முதல் ஃபிரெட்டுக்கு இறங்கி, சி-யைத் தனி ஸ்வரமாக வாசியுங்கள்.