48 ஜிபிபிஎஸ்னு அச்சடிச்சிட்டா போதுமா? ஹெச்டிஎம்ஐ கேபிள் சந்தேகங்களுக்கு பதில்

கேள்வி: ஆன்லைன்ல 499 ரூபாய்க்கு ஒரு கேபிள் வாங்கினேன். பெட்டியில "HDMI 2.1, 8K, 48Gbps"னு பெருசா போட்டிருக்கு, தங்க முலாம், நைலான் பின்னல் எல்லாம் இருக்கு. இது ஒரிஜினலா?

நீங்க சொன்னதுல ஒண்ணுகூட ஆதாரம் இல்லங்க. 48Gbpsங்கறது கேபிள் செகண்டுக்கு எவ்வளவு டேட்டா கடத்தும்ங்கற கணக்கு, பெட்டியில இருக்கறது வெறும் அச்சுதான். தங்க முலாம் துரு பிடிக்காம இருக்கத்தான், பின்னல் கேபிள் நைஞ்சு போகாம இருக்கத்தான், உள்ள இருக்கற கம்பி ஒழுங்கா முறுக்கி ஷீல்டு பண்ணியிருக்கான்னு ரெண்டும் சொல்லாது. 2.1ங்கறது டிவி, கன்சோல் எல்லாம் பின்பற்றற ஸ்பெசிஃபிகேஷனோட நம்பர், கேபிளை அந்த நம்பர் போட்டு விக்கக்கூடாதுன்னே விதி இருக்கு. கேபிளுக்குன்னு இருக்கற பேர் `Ultra High Speed HDMI Cable`, அது கேபிளோட மேல்தோல்லயே அச்சாகி இருக்கணும். அது இல்லாம 2.1, 8K மட்டும் கொட்டை எழுத்துல இருந்தா அப்பவே சந்தேகப்படுங்க.

பேரை யாரு வேணா அச்சடிக்கலாம், அதனால அடுத்ததா பெட்டி மேல இருக்கற லேபிளைப் பாருங்க. ஹாலோகிராமும் க்யூஆர் கோடும் சேர்ந்த சின்ன ஸ்டிக்கர் அது, இந்த வகை கேபிளுக்குச் சான்றிதழ் கட்டாயம்ங்கறதால அசல் பெட்டி ஒவ்வொண்ணுலயும் இருக்கும். போன்ல `HDMI Cable Certification`ங்கற ஆப்பை இறக்கி அதுக்குள்ளேர்ந்து ஸ்கேன் பண்ணுங்க, சான்று பெற்றதுன்னு காட்டும், கூடவே பிராண்டு, மாடல், நீளம் வரும். இங்கதான் நிறைய பேர் பச்சையா ஏதோ வந்துருச்சேன்னு மூடிடறாங்க. வந்த மாடலும் நீளமும் உங்க கையில இருக்கற பெட்டியோட பொருந்துதான்னு பாருங்க. சான்றிதழ் நீளத்துக்கு நீளம் தனித்தனியா வாங்கணும், 2 மீட்டர் பாஸானா அதே மாடல்ல 5 மீட்டரும் பாஸ்னு அர்த்தமில்ல. அதனால ஆப்ல 2 மீட்டர்னு வந்து உங்க கேபிள் 5 மீட்டரா இருந்தா பெட்டியைக்கூட முழுசா பிரிக்காம திருப்பி அனுப்பிடுங்க.

கேள்வி: போன் கேமராவுலயே ஸ்கேன் பண்ணேன், ஒரு வெப்சைட் திறந்து "Genuine Product"னு டிக் மார்க் வந்துச்சு. போதாதா?

போதாது. அந்தப் பக்கத்தை செஞ்சவரே கேபிள் விக்கறவரா இருக்கலாம். ஆப்புக்குள்ளேர்ந்து ஸ்கேன் பண்ணி வர்றது மட்டும்தான் கணக்கு. விற்பனைப் பக்கத்துல லேபிளோட போட்டோ போட்டிருக்கறதையும் நம்பாதீங்க, உங்க வீட்டுக்கு வர்ற பெட்டியில அது இருக்கணும்.

கேள்வி: என் கேபிள்ல லேபிள் இல்ல, ஆனா 4K படம் அருமையா ஓடுது. அப்ப அது நல்ல கேபிள்தானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நிறைய எழுதணும், ஏன்னா போலி கேபிள் பிழைக்கறதே இதனாலதான். 4K 60 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு 60 தடவை படம் மாறறது, சாதாரணமா 18 ஜிபிபிஎஸுக்குள்ள அடங்கிடும். படம் பாக்கற பாக்ஸு, ஸ்டிக் எல்லாம் அதைத் தாண்டாது. அதனால 18 மட்டும் தாங்கற பழைய வகை கேபிள் மேல 48னு அச்சடிச்சு வித்தாலும் பத்துல ஒன்பது வீட்ல யாருக்கும் தெரியவே தெரியாது, அவங்க போய் அஞ்சு ஸ்டார் ரிவ்யூவும் எழுதிடுவாங்க. பொய் சொல்றாங்கன்னு இல்ல, அவங்க கேபிளை சோதிக்கவே இல்ல, அவ்வளவுதான்.

பிஎஸ்5 வச்சிருக்கறவங்க 120 ஹெர்ட்ஸ் வருதுன்னு சொல்வாங்க. அது இன்னும் கொஞ்சம் கஷ்டமான சோதனைதான், ஆனா பிஎஸ்5 அனுப்பறதே 32 ஜிபிபிஎஸ் வரைக்கும்தான். உண்மையா கேபிளை வேலை வாங்கணும்னா ஹெச்டிஎம்ஐ 2.1 கிராஃபிக்ஸ் கார்டு இருக்கற கம்ப்யூட்டரை 4K 120 டிவியில மாட்டுங்க. என்விடியான்னா கன்ட்ரோல் பேனல்ல `Change resolution` போய் 3840 x 2160, 120 ஹெர்ட்ஸ், கீழ `Use NVIDIA color settings`ஐ தேர்ந்தெடுத்து `Output color format` RGB, `Output color depth` 10 bpc, அதாவது ஒவ்வொரு நிறத்துக்கும் 10 பிட், வைங்க. இதுக்கு சுமாரா 40 ஜிபிபிஎஸ் வேணும். 8 bpc ஆக்கினா சுமாரா 32க்கு இறங்கிடும். 8ல அசையாம நின்னு 10ல திணறுதுன்னா கேபிள் எங்க மூச்சு வாங்குதுன்னு பளிச்னு தெரிஞ்சிரும்.

திணறல் எப்படி இருக்கும்னா, பழைய 18 ஜிபிபிஎஸ் முறையில சிக்னல் கெட்டா திரையில வெள்ளைப் புள்ளி மின்னும். புது முறையில பிழை திருத்தம் உள்ளேயே இருக்கு, அதனால ஒரு எல்லை வரைக்கும் படம் குறையே இல்லாம இருக்கும், அதைத் தாண்டினா ரெண்டு செகண்ட் மொத்தமா கறுப்பாகி திரும்பி வரும். சில சமயம் கறுப்பாகக்கூட ஆகாது, 120ங்கற ஆப்ஷனே லிஸ்ட்ல காணாம போயிடும், ஏன்னா ரெண்டு பக்கமும் முதல்ல கேபிளை சோதிச்சுப் பாத்து முடியலன்னா வேகத்தைக் குறைச்சுக்கும்.

ஆனா கேபிளைத் திட்டறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம் பாத்துருங்க. நிறைய டிவியில எல்லா போர்ட்டும் 120 எடுக்காது, ரெண்டு மட்டும்தான் எடுக்கும். அந்தப் போர்ட்டுக்கும் செட்டிங்ல தனியா ஒரு சுவிட்ச் இருக்கும், சாம்சங்ல `Input Signal Plus`. அது ஆஃப்ல இருந்தா எவ்வளவு நல்ல கேபிளும் தோத்துப்போகும்.

கேள்வி: 10 மீட்டர் கேபிள் சுவத்துக்குள்ள போடப் போறோம். கடையில 48 ஜிபிபிஎஸ் காப்பர் கேபிள்னு ஒண்ணு காட்டறாங்க, வாங்கலாமா?

தயவுசெஞ்சு வாங்காதீங்க. நண்பர் ஒருத்தர் வீட்ல இதே தப்பு நடந்துச்சு, பூச்சு வேலை நடக்கறப்பவே 8 மீட்டர் காப்பர் கேபிளை பைப்புக்குள்ள இழுத்து மூடிட்டாங்க, பெட்டியில 48னுதான் இருந்துச்சு. ரெண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்ல, 60 ஹெர்ட்ஸ்லதானே ஓடுச்சு. அப்புறம் பையன் கேமிங் கம்ப்யூட்டர் வாங்கி 120 வச்சதும் நாலஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா திரை கறுப்பு. டிவி மேல சந்தேகம், கார்டு மேல சந்தேகம், டிரைவரை மூணு தடவை மாத்தியாச்சு. நான் போய் செஞ்சது ஒண்ணே ஒண்ணுதான், கம்ப்யூட்டரைத் தூக்கிட்டு வந்து டிவி பக்கத்துல வச்சு சான்று பெற்ற 2 மீட்டர் கேபிளை மாட்டினேன், ஒரு மணி நேரம் 10 bpcல ஒரு தடவைகூட போகல. குற்றவாளி சுவத்துக்குள்ளதான்னு தெரிஞ்சிருச்சு. நல்லவேளை பைப் அகலமா இருந்துச்சு, பழைய கேபிளோட நுனியிலயே புதுசைக் கட்டி இழுத்துட்டோம்.

பவர் எதுவும் எடுக்காத சாதா காப்பர்ல முழு 48 தாங்கறது பொதுவா 3 மீட்டர் பக்கம், தடிமனா நல்லா செஞ்சா 5 வரைக்கும் பாக்கலாம். அதுக்கு மேலன்னா சிக்னலை ஒளியா மாத்தி ஃபைபர் வழியா அனுப்பற ஆக்டிவ் ஆப்டிக்கல் கேபிள், அதுலயும் சான்று லேபிள் உள்ளது கிடைக்குது. அதுக்கு திசை உண்டு, `Source`னு போட்டிருக்கற முனை கம்ப்யூட்டர் பக்கம், `Display` முனை டிவி பக்கம். மாத்தி இழுத்துட்டா படமே வராது, அதனால பைப்புக்குள்ள விடறதுக்கு முன்னாடி தரையில விரிச்சு வச்சு ஒரு மணி நேரம் ஓட்டிப் பாத்துட்டு இழுங்க.

கேள்வி: பெட்டியைத் தூக்கிப் போட்டுட்டேன். இப்ப எப்படி கண்டுபிடிக்கறது?

லேபிள் பெட்டியோட போயிருச்சு, இனிமே மேல்தோல் அச்சும் 10 bpc சோதனையும்தான் கதி. அந்த சோதனையில பாஸானா உங்க நீளத்துக்கு, உங்க மெஷினுக்கு அது போதும், நிம்மதியா வச்சுக்கலாம். ஆனா ஒண்ணு, சான்றிதழுக்கு ரேடியோ கசிவையும் அளக்கறாங்க, அதை வீட்ல அளக்க முடியாது. டிவி பின்னாடி அந்த கேபிள் மாட்டின நாள்லேர்ந்து வைஃபை விட்டு விட்டு வருதுன்னா, இல்ல ப்ளூடூத் கன்ட்ரோலர் தடுமாறுதுன்னா கேபிளைக் கழட்டிட்டு ஒருக்கா பாருங்க.